காலிஃபிளவரில் வைட்டமின் சி எங்கே போகிறது? தண்ணீர், ஆவி, எண்ணெய், குக்கர்: சேலத்திலும் ஏற்காட்டிலும் அளந்த கணக்கு

ஒரே காயை நான்கு விதமாகச் சமைத்து, ஒவ்வொன்றிலும் வைட்டமின் சி எவ்வளவு மிஞ்சுகிறது என்று வீட்டுச் சமையலறையிலேயே அளந்ததின் பதிவு இது. மருந்துக்கடை அயோடினும் ஜவ்வரிசிக் கஞ்சியும் போதும், லேப் தேவையில்லை. வைட்டமின் சி-யைத் தேர்ந்தெடுக்கக் காரணம், அது தண்ணீரில் கரையும், சூட்டிலும் காற்றிலும் சிதையும். காய்கறியில் இருக்கும் சத்துகளில் சீக்கிரம் ஓடிப்போகும் ஆசாமி அதுதான். அதோடு, வீட்டில் அளக்கக் கூடிய வைட்டமினும் அநேகமாக அது ஒன்றுதான்.

காலிஃபிளவரை எடுத்ததற்குக் காரணம் நிறம். முருங்கைக்கீரையில் வைட்டமின் சி அதிகம், ஆனால் அதன் பச்சைச் சாற்றில் நீலம் எப்போது வந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. பீட்ரூட்டும் கேரட்டும் அதே கதை. காலிஃபிளவர் சாறு வெள்ளையாக இருப்பதால் ஒரு சொட்டு நீலம் விழுந்தாலும் பளிச்சென்று தெரியும். சூரமங்கலம் உழவர் சந்தையில் காலையில் வாங்கிய, இலையோடு இறுக்கமாக இருந்த பூக்கள். இலையை உரித்து விற்கும் பூ எத்தனை நாள் ஆனது என்று சொல்ல முடியாது என்பதால் அதை எடுக்கவில்லை.

அளக்கும் முறை

அயோடின் வைட்டமின் சி-யைச் சந்தித்தால் நிறமிழந்துவிடும். வைட்டமின் சி தீர்ந்த பிறகு விழும் அடுத்த சொட்டு அயோடின், கரைசலில் இருக்கும் ஸ்டார்ச்சைப் பிடித்து நீலமாக்கும். ஆகவே நீலம் வரும்வரை எத்தனை மில்லி அயோடின் செலவானது என்பதே வைட்டமின் சி-யின் அளவு.

மருந்துக்கடையில் 5 சதவீதப் போவிடோன் அயோடின் கரைசல் கிடைக்கும். சோப்பு கலந்த ஸ்க்ரப் வகையும் அதே பழுப்பு நிறத்தில் பக்கத்திலேயே இருக்கும், நுரைத்துத் தள்ளும், அது வேண்டாம். இந்தக் கரைசலில் 25 மில்லி எடுத்து, பேட்டரித் தண்ணீர் ஊற்றி 250 மில்லி ஆக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதுவும் வைட்டமின் சி-யைத் தின்னும் என்பதால் கரைசல்களுக்கெல்லாம் பேட்டரித் தண்ணீர்தான்.

ஸ்டார்ச்சுக்குச் சேலத்தில் அலைய வேண்டியதே இல்லை. ஒரு கிராம் ஜவ்வரிசியைப் பொடித்து, 100 மில்லி தண்ணீரில் கண்ணாடி போலத் தெளியும்வரை காய்ச்சி ஆறவிட்டால் தயார். மரவள்ளி ஸ்டார்ச் என்பதால் நீலத்தில் கொஞ்சம் ஊதா சாயும், பழகினால் சிக்கல் இல்லை. அன்றன்று காய்ச்ச வேண்டும், மறுநாள் புளித்துவிடும்.

மூன்றாவது, சிட்ரிக் அமிலக் கரைசல். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று விற்பதே அது. ஒரு லிட்டருக்கு 20 கிராம் போட்டு ஃபிரிட்ஜில் குளிரவைத்தது. காயை வெறும் தண்ணீரில் அரைத்தால் அரைக்கும்போதே வைட்டமின் சி சிதையத் தொடங்கும். புளிப்பும் குளிர்ச்சியும் அதை நிறுத்தி வைக்கும்.

முதலில் அயோடினுக்கு எடை போட வேண்டும். பாட்டில் திறந்து நாளானால் அதன் வீரியம் குறைந்திருக்கும், லேபிளை நம்பக் கூடாது. 500 மி.கி. வைட்டமின் சி மாத்திரை ஒன்றை ஒரு லிட்டர் சிட்ரிக் கரைசலில் கரைத்தால், ஒரு மில்லியில் அரை மி.கி. இருக்கும். அதில் 5 மில்லி, அதாவது 2.5 மி.கி., ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்து, ஒரு மில்லி ஸ்டார்ச் சேர்த்து, ஊசி கழற்றிய 10 மில்லி சிரிஞ்சால் அயோடினைச் சொட்டுச் சொட்டாக விட்டால், கணக்குப்படி 7.2 மில்லியில் நீலம் வர வேண்டும். எங்கள் பாட்டிலுக்கு 7.5 மில்லி ஆனது. ஆக, இந்த அயோடினின் ஒரு மில்லி என்பது மூன்றில் ஒரு பங்கு மி.கி. வைட்டமின் சி. கணக்குப் போட வசதியான எண்ணாக அமைந்தது தற்செயல்தான்.

நீலம் வந்து கலக்கியதும் மறைந்தால் அது முடிவு இல்லை. இருபது விநாடி நிற்கும் நீலமே முடிவு. வெறும் சிட்ரிக் கரைசலுக்கும் 0.1 மில்லி அயோடின் பிடிக்கிறது. கீழே சொல்லும் எல்லா அளவுகளிலும் அதைக் கழித்தாயிற்று.

காயைப் பிரித்ததும் பதம் பார்த்ததும்

பூவின் ஓரமும் நடுவும் ஒன்றில்லை, தண்டிலும் பூவிலும் சத்து ஒரே அளவில் இருக்காது. அதனால் எல்லாப் பூக்களையும் 3 செ.மீ. துண்டுகளாகப் பிரித்து, சீட்டுப் போடுவது போல ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒன்றொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தோம். சமையல் ஒவ்வொன்றுக்கும் சரியாக 200 கிராம்.

எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் கொடுத்து ஒப்பிடுவது தப்பு. ஆவியில் எட்டு நிமிடமும் தண்ணீரில் எட்டு நிமிடமும் ஒரே வேக்காடு தராது. ஒப்பிட வேண்டியது ஒரே பதத்தில். பதத்துக்குக் கோணி ஊசியும் டிஜிட்டல் தராசும் வைத்துக்கொண்டோம். துண்டின் தண்டைத் தராசில் வைத்து ஊசியால் மெதுவாக அழுத்த, தராசு 150 கிராம் காட்டும்போது ஊசி இறங்கினால் அது பொரியல் பதம். 300 காட்டினால் நறுக்கென்று இருக்கிறது, 80-க்குக் கீழே போனால் குழைந்துவிட்டது. விரலால் நசுக்கிப் பார்ப்பதை விட இது எவ்வளவோ மேல். கை சுடாது என்பது உபரி லாபம்.

வெந்ததும் மொத்தத்தையும் எடை போட்டு, உடனே 50 கிராம் எடுத்து 150 மில்லி குளிர்ந்த சிட்ரிக் கரைசலில் போட்டு, மிக்ஸியில் முப்பதே விநாடி. அதற்கு மேல் ஓட்டினால் மிக்ஸி காற்றை அடித்துச் சேர்க்கும், ஜாரும் சூடாகும். மல் துணியில் வடிகட்டி, சக்கையை இரண்டு முறை சிட்ரிக் கரைசலால் அலசிப் பிழிந்து, மொத்தம் 250 மில்லி ஆக்கி, அதில் 25 மில்லியை அளக்க வேண்டும். அந்த 25 மில்லியில் இருப்பது 5 கிராம் காயின் சாறு. பச்சைக் காய்க்கு 8 மில்லி அயோடின் பிடித்தது. 5 கிராமுக்கு 2.67 மி.கி., 100 கிராமுக்கு 53 மி.கி., 200 கிராம் காய்க்கு மொத்தம் 107 மி.கி.

இந்த 107-தான் முதல். இதில் எத்தனை மிஞ்சியது என்றுதான் இனி பார்க்க வேண்டும்.

தண்ணீரில் வேகவைத்தது

எவர்சில்வர் பாத்திரத்தில் 600 மில்லி தண்ணீர். நன்றாகக் கொதித்த பிறகு காயைப் போட்டு, மூடி, 8 நிமிடத்தில் பதம் வந்தது. வடித்த காய் 208 கிராம், தண்ணீர் கொஞ்சம் ஏறியிருக்கிறது. அயோடின் 4.6 மில்லி. 5 கிராமுக்கு 1.53 மி.கி., 208 கிராமுக்குச் சுமார் 64 மி.கி. ஆக 107-ல் 64, அதாவது 60 சதவீதம்.

பெரும்பாலான ஒப்பீடுகள் இங்கே நின்று, "40 சதவீதம் அழிந்தது" என்று எழுதிவிடும். ஆனால் வடித்த தண்ணீர் இன்னும் பாத்திரத்தில்தானே இருக்கிறது? அது 520 மில்லி. சூட்டோடு 10 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, முழுதாக ஆறவைத்து அளந்தோம். 25 மில்லிக்கு 3.9 மில்லி அயோடின், மொத்தத் தண்ணீரில் 27 மி.கி. காயில் 60, தண்ணீரில் 25 சதவீதம். ஆக நிஜமாகவே சிதைந்தது 15 சதவீதம்தான். மீதி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. சிங்க்கில் ஊற்றினால்தான் அது நஷ்டம், ரசத்திலோ குழம்பிலோ ஊற்றினால் இல்லை.

ஆறவைத்து என்று சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் தடவை வெதுவெதுப்பாக இருக்கும்போதே அளந்ததில் அயோடின் போய்க்கொண்டே இருந்தது, நீலம் வரவே இல்லை. ஸ்டார்ச்-அயோடின் நீலம் சூட்டில் மறைந்துவிடும். கிண்ணத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்ததும், ஏற்கெனவே கூடுதலாக விட்டிருந்த அயோடின் எல்லாம் சேர்ந்து மைக்கூடு போலக் கருத்துப் போனது. அந்த அளவைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

அதே 600 மில்லி பச்சைத் தண்ணீரில் காயைப் போட்டு, பிறகு அடுப்பைப் பற்றவைத்தும் ஒரு முறை செய்தோம். காயில் 54, தண்ணீரில் 22. கொதித்த பிறகு போட்டபோது சிதைவு 15, இப்போது 24. காரணம் காய்க்குள்ளேயே இருக்கிறது. வைட்டமின் சி-யைச் சிதைக்கும் நொதி காயிலேயே உண்டு. நறுக்கியதும் அது வேலையைத் தொடங்கும், வெதுவெதுப்பில் இன்னும் சுறுசுறுப்பாகும். கொதிநீரில் போட்டால் சட்டென்று செத்துப்போகும். தண்ணீரோடு சேர்த்து மெதுவாகச் சூடேற்றினால், சாவதற்கு முன் நாலைந்து நிமிடம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போகிறது.

அதற்கும் முன்னால் நடக்கும் நஷ்டம்

காலிஃபிளவர் என்றால் புழு பயம். நறுக்கிய துண்டுகளை உப்பும் மஞ்சளும் போட்ட சுடுதண்ணீரில் பத்து நிமிடம் போட்டுவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டுவது அநேகமாக எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். நான்கு சமையல் முறைகளில் எதைத் தேர்ந்தாலும் இந்த நஷ்டம் முன்கூட்டியே நடந்துவிடுகிறது என்பதால் இதையும் அளந்தோம். மஞ்சளை மட்டும் போடவில்லை, மஞ்சளும் நீலமும் சேர்ந்து பச்சையாகி முடிவைக் குழப்பும்.

80 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டர், 200 கிராம் துண்டுகள், பத்து நிமிடம். கொட்ட வேண்டிய தண்ணீரில் 14 மி.கி. இருந்தது. அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே 13 சதவீதம் காலி. பூவை நறுக்காமல், நான்கு பெரிய கூறாக மட்டும் பிளந்து, குளிர்ந்த உப்புத் தண்ணீரில் தலைகீழாகப் பத்து நிமிடம் வைத்தபோது தண்ணீரில் அளக்கும்படியாக எதுவும் இறங்கவில்லை. புழு இருந்தால் உப்புக்கே வெளியே வந்துவிடும். சுடுதண்ணீர் புழுவைப் பூவுக்குள்ளேயே கொன்றுவிடுகிறது என்பது தனிச் சங்கடம்.

ஆவியில் அவித்தது

இட்லிப் பானை, அடியில் அரை லிட்டர் தண்ணீர், ஓட்டைத் தட்டில் ஒரே அடுக்காகக் காய். ஆவி மூடியைத் தள்ள ஆரம்பித்த பிறகு 9 நிமிடம். மிஞ்சியது 85 சதவீதம். அடித் தண்ணீரில் 2 சதவீதம் சொச்சம், மூடியிலிருந்து சொட்டிய நீர் கழுவிக்கொண்டு போனது.

தண்ணீரில் வேகவைத்ததைவிட நேரம் ஒரு நிமிடம் கூடுதல், சூடு ஒன்றேதான், ஆனாலும் 25 சதவீதம் அதிகம் மிஞ்சியிருக்கிறது. வித்தியாசம் முழுக்க, கரைந்துபோக எதிரே தண்ணீர் இல்லை என்பதில்தான். சிதைவைப் பார்த்தால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. வழக்கமாகப் பழி சூட்டின் மேல் விழும், இந்தக் காயில் பெரிய திருடன் தண்ணீர்.

தட்டில் இரண்டு அடுக்காகக் குவித்தால் கீழே குழையும், மேலே வேகாது. மேலடுக்குக்காக நேரத்தைக் கூட்டுவீர்கள், அங்கே ஆவியின் லாபம் போய்விடும்.

எண்ணெயில் பொரித்தது

தவறு நடக்க அதிக இடம் உள்ளது இதில்தான். மாவு தடவாமல், வெறும் துண்டுகளைத் துணியில் ஒற்றி ஈரம் போக்கி, 175 டிகிரியில் இருந்த கடலை எண்ணெயில் இரண்டு ஈடாகப் பொரித்தது, ஒவ்வொரு ஈடும் 4 நிமிடம். ஓரம் பொன்னிறம், தண்டு ஊசிப் பதம். சமைத்த எடை 128 கிராம்.

முதல் அளவே ஏமாற்றியது. அயோடின் விட விட நீலம் வந்தது, பத்து விநாடியில் மறைந்தது, மறுபடி வந்தது, மறுபடி மறைந்தது. எண்ணெய்தான் காரணம். மிக்ஸியில் அடித்தபோது எண்ணெய் நுண்துளிகளாகச் சாற்றில் கலந்துவிட்டது. அயோடின் எண்ணெயில் கரையும், எண்ணெயின் நிறைவுறாக் கொழுப்போடு மெல்லச் சேரவும் செய்யும். அடுத்த முறை, பொரித்த துண்டுகளைக் காகிதத்தில் நன்றாக ஒற்றி எடுத்து, சாற்றை ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, மேலே திரண்ட எண்ணெயை எடுத்துவிட்டு, காபி ஃபில்டர் காகிதத்தில் மறுபடி வடிகட்டிய பிறகுதான் முடிவு நிலையாக நின்றது. 8.7 மில்லி.

பச்சைக் காய்க்கு 8 மில்லி, பொரித்ததற்கு 8.7. அதாவது 100 கிராமுக்குப் பச்சையில் 53 மி.கி., பொரித்ததில் 58! பொரித்தால் வைட்டமின் கூடுமா? கூடாது. 200 கிராம் காய் 128 கிராமாகச் சுருங்கியிருக்கிறது. தண்ணீர் ஆவியாகப் போய், மிஞ்சியது செறிவாகியிருக்கிறது. 128 கிராமில் மொத்தம் 74 மி.கி., முதலில் இருந்தது 107. மிஞ்சியது 70 சதவீதம்தான். சமைத்த காயின் 100 கிராமையும் பச்சைக் காயின் 100 கிராமையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடும் அட்டவணைகளில் உள்ள ஓட்டை இதுதான். சமைத்த மொத்த எடையால் பெருக்கி, சமைக்கும் முன் இருந்த மொத்தத்தால் வகுத்தால் மட்டுமே மிச்சம் தெரியும்.

அந்த 70-லும் கொஞ்சம் பொய் இருக்கிறது. பொன்னிறமாகும்போது உண்டாகும் பொருள்களில் சில, வைட்டமின் சி போலவே அயோடினைக் குடிக்கும். எவ்வளவு என்று பார்க்க, வைட்டமின் சி இல்லாத அரிசிமாவையும் கடலைமாவையும் கரைத்து அதே நிறத்துக்குப் பொரித்து, அதே மாதிரி அரைத்து அளந்தோம். அதற்கும் 0.5 மில்லி பிடித்தது. ஆகவே பொரித்த காயின் 70 என்பது உச்சவரம்பு. உண்மை 65 பக்கம் இருக்கலாம்.

175 டிகிரியில் இவ்வளவாவது மிஞ்சுகிறதே என்றால், எண்ணெய் 175-ல் இருந்தாலும், குமிழி வந்துகொண்டிருக்கும்வரை துண்டின் உள்ளே 100 டிகிரியைத் தாண்டாது. உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாவதிலேயே சூடு செலவாகிறது. நேரமும் நான்கே நிமிடம். வைட்டமின் சி எண்ணெயில் கரையாது என்பதால் வடிந்துபோகும் வழியும் அடைபட்டிருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு நிறக் காய்களின் கரோட்டினுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அது எண்ணெயில் கரையும், வாணலியிலேயே தங்கும்.

குக்கர்

மூன்று லிட்டர் குக்கரில் அடியில் 250 மில்லி தண்ணீர், மேலே ஓட்டையில்லாத பாத்திரத்தில் தண்ணீர் விடாமல் காய். ஆவி நீளமாகச் சீறி, உள்ளே இருந்த காற்றைத் தள்ளிய பிறகு வெயிட் போட்டு, முதல் விசிலில் அடுப்பை நிறுத்தினோம். இரண்டு விதமாகத் திறந்தோம். ஒன்று, மூடியின் ஓரத்தில் குழாய்த் தண்ணீர் விட்டு அரை நிமிடத்தில் அழுத்தம் இறக்கியது. மற்றது, தானாக இறங்கும்வரை விட்டது, ஒன்பது நிமிடம் ஆனது.

உடனே திறந்ததில் 83 சதவீதம், பதம் 140. தானாக இறங்கவிட்டதில் 75 சதவீதம், பதம் 70, குழைவு. அடுப்பு அணைந்தாலும் உள்ளே நூறுக்கு மேல் இருக்கும் சூட்டில் காய் வெந்துகொண்டேதான் இருக்கிறது. விசில் எண்ணிக்கையை மட்டும் குறித்து வைத்து, திறந்த விதத்தைக் குறிக்காத குறிப்பு எதற்கும் உதவாது. விசிலும் நேர அளவு இல்லை. பெரிய பர்னரில் மூன்றாம் நிமிடம் வரும், சிம்மில் பத்தாம் நிமிடம் வரும். அரிசி, பருப்பு போல நுரைப்பது உள்ளே இருந்தால் இப்படித் தண்ணீர் விட்டுத் திறக்க வேண்டாம். அழுத்தம் திடீரென்று இறங்கும்போது உள்ளே பொங்கி, வெயிட் குழாய் அடைக்கும்.

சுமார் 120 டிகிரியில் 83 மிஞ்சுவது பலருக்கு நம்பிக்கை தராது. ஆனால் அந்தச் சூட்டில் காய் இருந்தது ஒன்றிரண்டு நிமிடம், காற்று வெளியேறிவிட்டது, கரைக்கத் தண்ணீரும் இல்லை. ஆவியின் 85-க்கும் குக்கரின் 83-க்கும் இடையே வெற்றி தோல்வி பேச வேண்டாம். சிரிஞ்சின் துல்லியத்தையும் தராசையும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் அளவில் 4 சதவீதம் அப்படி இப்படி இருக்கும். 60-க்கும் 85-க்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே பேசத் தக்கது.

இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே

சேலம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் குறைவான உயரத்தில், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். ஒரு மணி நேரப் பயணத்தில் தண்ணீரின் கொதிநிலை 99-லிருந்து 95 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது, தெர்மாமீட்டரில் அப்படியே தெரிந்தது. பாத்திரத்தில் அதே சலசலப்பு, அதே ஆவி. ஆனால் காய்க்குப் போய்ச் சேரும் சூடு குறைவு. மீதிப் பூக்களை நறுக்காமல் ஐஸ் பெட்டியில் மேலே கொண்டுபோய், பச்சை அளவை அங்கே புதிதாக எடுத்து, அதே பதத்துக்குச் சமைத்தோம்.

தண்ணீரில் 8 நிமிடத்துக்குப் பதில் 11 நிமிடம் ஆனது. காயில் 52, தண்ணீரில் 30. சூடு குறைந்ததால் சத்து தப்பிக்கும் என்று நினைத்தால், நடப்பது தலைகீழ். மூன்று நிமிடம் கூடுதலாகத் தண்ணீரில் ஊறியதில் கூடுதலாக இறங்கிவிட்டது. ஆவியில் 12 நிமிடம், மிஞ்சியது 81. ஆவியும் அங்கே 95-ஐத் தாண்டாது. குக்கரில் மட்டும் எதுவும் மாறவில்லை, உடனே திறந்ததில் அதே 83. வெளிக் காற்றழுத்தம் குறைந்தாலும், வெயிட் அதன் மேல் தன் அழுத்தத்தைச் சேர்த்துக்கொள்கிறது. கீழே 120 என்றால் மேலே 118. நான்கு டிகிரி பள்ளம் இரண்டாகச் சுருங்கிவிட்டது.

சேலம் சமையலறையில் ஆவிக்கும் குக்கருக்கும் எது கைக்கு வருகிறதோ அது. ஏற்காட்டில், நேரம் கூடாத குக்கர்தான். சேலத்தில் குறித்த சமையல் நேரத்தை ஏற்காட்டில் அப்படியே பின்பற்றினால் காய் நறுக்கென்று நிற்கும். அதைச் சரிசெய்யத் தண்ணீரைக் கூட்டி நீளமாகக் கொதிக்கவிடுவதுதான் அங்கே வழக்கமாக நடக்கும் தவறு.

இந்த அளவு சொல்லாதவை

காலிஃபிளவர், முட்டைக்கோஸ் குடும்பத்தில் கந்தகச் சேர்மங்கள் உண்டு, அவையும் கொஞ்சம் அயோடினைக் குடிக்கும். அதனால் 53 மி.கி. என்பது சற்று மிகை. எல்லா முறைகளுக்கும் அந்த மிகை ஓரளவு ஒன்றே என்பதால் ஒப்பீடு பெரிதாகக் கெடாது. இன்னொரு பக்கம், வைட்டமின் சி சிதையும் வழியில் முதல் படியாக மாறும் டீஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலத்துக்கும் உடலில் வைட்டமின் வேலை உண்டு. அதை அயோடின் காட்டாது. இங்கே சிதைவு என்று எழுதியதில் ஒரு பகுதி அதுவாக இருக்கும்.

பொட்டாசியம் போன்ற தாது உப்புகள் எந்தச் சூட்டிலும் அழியாது, தண்ணீரில் இறங்க மட்டும் செய்யும். ஆகவே வடித்த தண்ணீர்க் கணக்கு அவற்றுக்கு இன்னும் கறாராகப் பொருந்தும். தயமின் தண்ணீரிலும் இறங்கும், சமையல் சோடா போட்டால் வேகமாகச் சிதையவும் செய்யும். பச்சை நிறம் மாறாமல் இருக்கச் சோடா போடும் வழக்கம் வைட்டமின் சி-க்கும் கெடுதல்தான். ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரமும் அப்படியே, செம்பு சிதைவைத் தூண்டிவிடும்.

கரைத்து வைத்த அயோடின் மறுநாள் வீரியம் இறங்கியிருக்கும். எங்களுடையது 7.5-லிருந்து 7.8 ஆனது, ஏற்காட்டுக் கணக்கெல்லாம் அந்தப் புது எண்ணில்தான். அளந்த சாற்றை யாரும் வாயில் வைக்க வேண்டாம், நிறையத் தண்ணீர் விட்டுக் கொட்டிவிடவும். மிக்ஸி ஜாரில் அயோடின் படவே கூடாது. சமையல் மேடையில் பழுப்புக் கறை விழுந்தால் தேய்க்க வேண்டியதில்லை. மிச்சமிருக்கும் மாத்திரைக் கரைசலில் துணியை நனைத்துத் துடைத்தால் அங்கேயே நிறமிழந்துவிடும்.